முதலில் வந்தது முதலில் முறையிலிருந்து எடையிட்ட சராசரிக்கு: ஒரு சைலோ, மூன்று ஆண்டுக் கணக்கு, ஒரு திருத்தப் பதிவு

2024 ஜனவரியில் முதல் கொள்முதல் உள்ளே வந்த அன்று, மென்பொருள் ஒரு டன்னின் சராசரி அடக்கம் 131.92 என்று காட்டியது. நான் தனியாக வைத்திருந்த விரிதாளில் அதே நாளில் அதே சரக்குக்கு 130 என்று இருந்தது. டன் கணக்கு சரி, கொள்முதல் விலை சரி, தேதியும் சரி. ஆனாலும் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய இரண்டு அலகு இடித்தது. அந்த வேறுபாட்டைத் தேடிப் போனபோதுதான், சரக்கின் அடக்கத்தைக் கணக்கிடும் முறையை நாங்கள் சராசரிக்கு மாற்றியிருந்தோமே தவிர பழைய கணக்கைத் திருத்தவே இல்லை என்பது புரிந்தது. இந்த ஆய்வு அந்த இரண்டு அலகைப் பற்றியது.

நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். பிளாஸ்டிக் குருணையை மொத்தமாக வாங்கி, மூட்டையில் அடைத்து விற்கும் வணிகம். உற்பத்தி கிடையாது. நாங்கள் பின்பற்றியது ஐஏஎஸ் எனப்படும் சர்வதேசக் கணக்கியல் தரங்கள். டன் எண்ணிக்கையையும் தொகையையும் கணக்கு எளிதாக நிற்கும்படி சிறியதாக்கியிருக்கிறேன். தொகைகள் வெறும் அலகுகள். எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

எதற்காக மாற்றினோம்

குருணை வந்ததும் காற்றழுத்தத்தால் மேலே ஏற்றப்பட்டு சைலோ என்ற உயரமான சேமிப்புக் கலனுக்குள் விழும். கீழே உள்ள வாயிலிருந்து இறங்கும். மேலே போடுவது மேலேயே இருக்கும், அடியில் இருப்பது முதலில் வரும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். பல சைலோக்களில் நடப்பது வேறு. நடுவில் ஒரு புனல் போலக் குழி விழுந்து, கடைசியாகக் கொட்டியதே முதலில் இறங்கிவிடும். சுவரை ஒட்டிய பழைய சரக்கு அசையாமல் நிற்கும். எங்கள் சைலோவும் அப்படித்தான். எந்தக் கொள்முதலின் குருணை எந்த மூட்டைக்குள் போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

இருந்தும் ஏட்டில், முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கருதும் "முதலில் வந்தது முதலில்" என்ற முறைதான் இருந்தது. மென்பொருளை நிறுவியபோது யாரோ தேர்ந்தெடுத்தது அப்படியே நின்றுவிட்டது. விற்பனைப் பிரிவோ விலை சொல்லும்போது, ஒவ்வொரு கொள்முதலுக்குப் பின்னும் புதிதாகக் கணக்கிடும் ஓடும் சராசரியை வைத்தே எப்போதும் சொல்லி வந்தது. அதனால் விலை ஏறும் மாதங்களில் ஏட்டில் லாப விகிதம் வீங்கும், இறங்கும் மாதங்களில் சுருங்கும். விற்பனைப் பிரிவு நினைத்த லாபத்தோடு அது ஒருபோதும் பொருந்தாது.

காரணத்தை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குத் தேவை இருக்கிறது. சரக்கிருப்பின் அடக்கத்தைக் கணக்கிடும் முறை என்பது ஐஏஎஸ் 2 இன்படி கணக்கியல் கொள்கை. கொள்கையை விருப்பப்படி மாற்ற ஐஏஎஸ் 8 அனுமதிப்பதில்லை. வேறு ஒரு தரம் கட்டாயப்படுத்த வேண்டும், இல்லையென்றால் புதிய முறை நம்பகமானதாகவும் முன்பைவிடப் பொருத்தமானதாகவும் தகவலைத் தர வேண்டும். "மென்பொருளுக்கு இது சுலபம்" என்பது காரணம் ஆகாது. "இந்த ஆண்டு லாபம் நன்றாகத் தெரியும்" என்பது காரணம் ஆகாதது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட.

இந்த இரண்டாவது சந்தேகம் எங்கள் மீதும் வந்தது. 2024 இல் விலை இறங்கியது. சராசரி முறையில் அந்த ஆண்டின் லாபம் கூடுதலாகத்தான் வந்தது. ஏன் இந்த ஆண்டு பார்த்து மாற்றினீர்கள் என்று ஆடிட்டர் நேராகவே கேட்டார். எங்களிடம் 2023 நவம்பரில் இயக்குநர் குழு எடுத்த முடிவின் கூட்டக் குறிப்பு இருந்தது. அப்போது விலை ஏறிக்கொண்டிருந்தது. மாற்றினால் லாபம் குறையும் என்று அந்தக் குறிப்பிலேயே எழுதியிருந்தோம். அது இருந்ததால் பேச்சு அத்தோடு முடிந்தது. தேதியிட்ட அந்தக் காகிதம் இல்லாமல் போயிருந்தால், சைலோவின் புனல் பற்றி எவ்வளவு விளக்கினாலும் எடுபட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

பழைய கணக்கை மீண்டும் ஓட்டியது

கொள்கை மாற்றத்தை முன்தேதியிலிருந்து பொருத்த வேண்டும். புதிய முறையையே எப்போதும் பின்பற்றி வந்தது போலக் கணக்கு தெரிய வேண்டும். நாங்கள் 2024 அறிக்கையில் 2023 ஐ ஒப்பீட்டு ஆண்டாகக் காட்டுகிறோம். ஆகவே திருத்தம் 2023 இன் தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். அதாவது 31.12.2022 அன்று சராசரி முறையில் இருப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று தெரிந்தாக வேண்டும்.

ஓடும் சராசரியில் இன்றைய எண் நேற்றைய எண்ணைப் பிடித்து நிற்கிறது, நேற்றையது அதற்கு முந்தையதை. எங்கே போய் ஆரம்பிப்பது? எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. 2022 ஜனவரியில் பழுதுபார்ப்புக்காக சைலோ முழுவதும் காலி செய்யப்பட்டிருந்தது. இருப்பு சுழியம் என்றால் எந்த முறையிலும் சுழியம்தான். அங்கிருந்து கணக்கைத் தொடங்கினோம்.

2022 இன் முதல் கொள்முதல் 400 டன், டன்னுக்கு 100. அதில் 250 டன் விற்றது. மிச்சம் 150 டன், மதிப்பு 15,000. அடுத்து 300 டன் 112 விலைக்கு வந்தது. 15,000 உடன் 33,600 சேர்த்தால் 48,600. அதை 450 டன்னால் வகுத்தால் சராசரி 108. அதில் 300 டன் விற்று 150 டன் நின்றது, மதிப்பு 16,200. கடைசியாக 350 டன் 118 விலைக்கு வந்தது. மொத்தம் 500 டன், 57,500, சராசரி 115. இன்னும் 300 டன் விற்று, ஆண்டு முடிவில் 200 டன் நின்றது. சராசரி முறையில் அதன் மதிப்பு 23,000. பழைய முறையில் மிஞ்சிய 200 டன்னும் கடைசிக் கொள்முதலிலிருந்து வந்ததாகக் கருதப்படும். 118 ஆல் பெருக்கினால் 23,600. வேறுபாடு 600.

சைலோ காலியாக இருந்திருக்காவிட்டால் என்ன செய்வது என்று இதைப் படிப்பவர்கள் கேட்பார்கள். உண்மையில் பயப்பட வேண்டியதில்லை. தொடக்க மதிப்பில் உள்ள பிழை ஒவ்வொரு விற்பனையிலும் கொஞ்சம் வெளியேறுகிறது. உள்ளே தங்குவது மிச்சம் நின்ற டன்னின் பங்கு மட்டும். மேலே உள்ள 2022 இல் முதல் விற்பனைக்குப் பின் 400 இல் 150 நின்றது, அடுத்து 450 இல் 150, கடைசியாக 500 இல் 200. இந்த மூன்று பின்னங்களையும் பெருக்கினால் 0.05. முதல் 400 டன்னின் மதிப்பில் 1,000 தவறு இருந்திருந்தாலும், ஆண்டு முடிவில் 50 மட்டுமே இருப்பில் தங்கியிருக்கும். சரக்கு வேகமாகச் சுழலும் இடத்தில் ஒன்றிரண்டு ஆண்டுகள் பின்னால் போனாலே போதும். வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கும் உதிரிபாகங்களுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே பழைய ஏடே கிடைக்காமல் போனால், எந்தத் தேதியிலிருந்து செய்ய முடியுமோ அங்கிருந்து செய்யலாம் என்று ஐஏஎஸ் 8 வழி விடுகிறது; ஏன் முடியவில்லை என்று எழுத வேண்டும்.

2023 ஐயும் இதேபோல் ஓட்டினோம். 300 டன் 125 க்கு, 350 டன் 131 க்கு, 250 டன் 138 க்கு என மூன்று கொள்முதல். விற்பனை முறையே 350, 250, 200 டன். சராசரி 121, 128, 133 என ஏறியது. ஆண்டு முடிவில் 300 டன், மதிப்பு 39,900. பழைய முறையில் 50 டன் 131 விலையிலும் 250 டன் 138 விலையிலும் நின்று 41,050 வந்தது.

இந்த எண் முதல் தடவை எனக்கு இப்படி வரவில்லை. மென்பொருளின் பரிவர்த்தனைப் பட்டியலை இறக்கி அப்படியே ஓட்டியபோது 39,900 க்குப் பதிலாக 40,300 வந்தது. காரணம் ஒரு சரக்குக் கட்டண பில். 138 என்ற விலையில் 134 மட்டுமே விற்றவரின் விலை. 4 என்பது போக்குவரத்துக் கட்டணம். சரக்கு உள்ளே வந்தபோது அந்த பில் வரவில்லை. 200 டன் விற்ற பிறகு, டிசம்பர் கடைசியில் வந்தது. 250 டன்னுக்கு 4 வீதம் 1,000. மென்பொருள் அதை வந்த தேதியில், அன்று கையில் இருந்த 300 டன் மீது முழுதாக ஏற்றிவிட்டது. நியாயப்படி அந்த 1,000 சரக்கு வந்த அன்றே 500 டன்னில் பரவியிருக்க வேண்டும்: 600 இருப்பிலும் 400 விற்ற சரக்கின் அடக்கத்திலும். அந்த 400 தான் கூடுதலாக வந்தது.

இது ஏன் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை என்றால், பழைய முறையில் அது பிழையே இல்லை. அந்த 250 டன்னும் விற்காமல் நிற்பதாகத்தான் பழைய முறை கருதியது. ஆகவே முழு 1,000 உம் இருப்பில் நிற்பது சரி. முறை மாறியதும் அதே பில் அதே தேதியில் தவறாகிவிட்டது. பழைய பட்டியலை மறுபடி ஓட்டும் யாரும், தாமதமாக வந்த கட்டணங்களையும் விலைத் திருத்தங்களையும் முதலில் அந்தந்தக் கொள்முதலின் தேதிக்கு நகர்த்திவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

2024 இல் விலை திரும்பியது. 300 டன் 127 க்கு வந்து 400 டன் விற்றது. பிறகு 300 டன் 120 க்கு வந்து 300 டன் விற்றது. மூன்று ஆண்டு முடிவுகளும் இப்படி நின்றன:

| தேதி | டன் | பழைய முறை | சராசரி முறை | வேறுபாடு |
|---|---|---|---|---|
| 31.12.2022 | 200 | 23,600 | 23,000 | −600 |
| 31.12.2023 | 300 | 41,050 | 39,900 | −1,150 |
| 31.12.2024 | 200 | 24,000 | 24,800 | +800 |

விலை ஏறும்போது சராசரி பின்தங்குகிறது, இறங்கும்போதும் பின்தங்குகிறது. அதனால்தான் குறி மாறுகிறது.

அந்த 131.92 எங்கிருந்து வந்தது

இப்போது தொடங்கிய இடத்துக்குத் திரும்பலாம். 01.01.2024 அன்று மென்பொருளில் அமைப்பை மாற்றியவர்கள் முறையை மட்டுமே மாற்றினார்கள். 300 டன்னின் மதிப்பு பழைய முறையின் 41,050 ஆகவே உள்ளே நின்றது. அதோடு 300 டன்னின் 38,100 சேர்ந்து, 79,150 ஐ 600 ஆல் வகுத்தால் 131.92. தொடக்க மதிப்பு 39,900 ஆக இருந்திருந்தால் 78,000 ஐ 600 ஆல் வகுத்து 130.

எந்த எச்சரிக்கையும் வரவில்லை. பேரேடு சமநிலையில் இருந்தது, சரக்குப் பட்டியலும் பேரேடும் பொருந்தின. இதுதான் இந்தப் பிழையின் கெட்ட குணம். அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னர் ஓட்டிப் பார்த்தேன். முதல் விற்பனைக்குப் பின் 600 இல் 200, இரண்டாவதற்குப் பின் 500 இல் 200 டன் நின்றது. 1,150 ஐ இந்த இரண்டு பின்னங்களாலும் பெருக்கினால் 153. ஆண்டு முடிவில் இருப்பில் 153 மட்டும் கூடுதலாக நின்றிருக்கும். மீதி 997 சத்தமில்லாமல் 2024 இன் விற்ற சரக்கு அடக்கத்தில் கலந்திருக்கும். இன்னும் ஓர் ஆண்டு போனால் இருப்பிலும் தடயம் இருக்காது. முன்னாண்டுகளுக்குச் சேர வேண்டிய செலவை 2024 சுமந்திருக்கும், 2023 இன் லாபம் பழைய முறையிலேயே பக்கத்தில் நின்றிருக்கும், வாசகர் இரண்டையும் ஒப்பிட்டிருப்பார்.

கண்டுபிடிக்க ஒரே வழி, மாற்றிய முதல் நாளின் தொடக்க அலகு விலையைக் கையால் போட்ட எண்ணோடு ஒப்பிடுவது. ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டால் வேறுபாடு தேய்ந்து, சில்லறைப் பிசிறு போலத் தெரியும்.

பதிவு

வரி இல்லாமல் இந்தப் பதிவு முழுமை அடையாது. எங்கள் வரி விகிதத்தை 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2022, 2023 வரிப் படிவங்கள் பழைய முறையில் கொடுக்கப்பட்டு முடிந்துவிட்டன. அவற்றைத் திறக்கப் போவதில்லை. எனவே வரிக் கணக்கில் இருப்பு 41,050 ஆகவே நிற்கிறது, ஏட்டில் 39,900 ஆகிறது. இந்த 1,150 பின்னால் வரிக் கணக்கில் செலவாகக் கிடைக்கும். அதன் 20 சதவீதமான 230 ஒத்திவைத்த வரிச் சொத்து. கட்டிய வரியைத் திரும்பக் கேட்பது போல இதை வரி முன்பணக் கணக்கில் எழுதக் கூடாது; யாரும் நமக்கு எதையும் திருப்பித் தரப் போவதில்லை. முறை மாற்றத்தை வரிச் சட்டம் எப்படி நடத்தும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும், சில இடங்களில் முன் அனுமதியும் வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒத்திவைத்த வரிச் சொத்தைப் பதிவில் எழுத வேண்டும்.

01.01.2024 தேதியிட்டுப் பேரேட்டில் போன பதிவு இது ஒன்றுதான்:

| கணக்கு | பற்று | வரவு |
|---|---|---|
| பிடித்து வைத்த லாபம் | 920 | |
| ஒத்திவைத்த வரிச் சொத்து | 230 | |
| சரக்கிருப்பு | | 1,150 |

விற்ற சரக்கின் அடக்கம் இந்தப் பதிவில் எங்குமே வராது. 1,150 ஐ அங்கே பற்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அப்படி எழுதினால் மென்பொருள் சத்தமில்லாமல் செய்யவிருந்ததை நாமே கையால் செய்ததாகிவிடும்.

சரக்கிருப்புக்கு வரவு எழுதும்போது பேரேட்டில் மட்டும் எழுதினால் போதாது. மென்பொருளில் சரக்கின் அலகு விலையையும் 136.83 இலிருந்து 133 க்கு, அளவை மாற்றாமல் மதிப்பை மட்டும் மாற்றும் பதிவு மூலம் இறக்க வேண்டும். நாங்கள் முதலில் பேரேட்டில் கைப்பதிவாகப் போட்டோம். பேரேடு 39,900 காட்டியது, சரக்குப் பட்டியல் 41,050 காட்டியது, அடுத்த விற்பனை பட்டியலின் விலையிலேயே போனது. கைப்பதிவை நீக்கிவிட்டு மதிப்புத் திருத்தமாகப் போட்ட பிறகுதான் திரையில் 130 வந்தது. மதிப்புத் திருத்தத்தின் எதிர்க்கணக்கு வழக்கமாக ஆதாய நட்டக் கணக்கில் ஒரு விலை வேறுபாட்டுக் கணக்காக அமைக்கப்பட்டிருக்கும். இந்த ஒரு பதிவுக்கு அதைப் பிடித்து வைத்த லாபத்துக்குத் திருப்ப வேண்டும்.

இனி ஒப்பீட்டு ஆண்டு. 920 முழுவதும் ஒரே ஆண்டைச் சேர்ந்ததல்ல. 31.12.2022 இன் 600 இல் வரி 120 போக 480, 2023 க்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது. மீதி 550, 2023 க்குள்ளேயே உருவானது. வரி 110 போக 440. இவை பேரேட்டுப் பதிவுகள் அல்ல. மூடிய ஆண்டின் பேரேட்டை நாங்கள் திறக்கவில்லை. அறிக்கை தயாரிக்கும் தாளில் 2023 இன் வரிசையை மட்டும் திருத்தினோம். அங்கே 01.01.2023 இன் பிடித்து வைத்த லாபம் 480 குறைந்தது. 2023 இன் விற்ற சரக்கு அடக்கம் 100,400 இலிருந்து 100,950 ஆனது. வரிச் செலவு 110 குறைந்தது. இருப்புநிலைக் குறிப்பில் சரக்கிருப்பு 39,900 ஆகவும் ஒத்திவைத்த வரிச் சொத்து 230 கூடவும் நின்றது. 480 உம் 440 உம் சேர்ந்தால் 920. தாளும் பேரேடும் அந்த இடத்தில் கைகோர்க்கின்றன.

என் உதவியாளர் ஒருவர் இங்கே நல்ல கேள்வி ஒன்று கேட்டார்: 2022 க்கு 600, 2023 க்கு 1,150, இரண்டையும் சேர்த்து 1,750 குறைக்க வேண்டாமா, சார்? வேண்டாம். 2022 இன் இறுதி இருப்புதான் 2023 இன் தொடக்க இருப்பு. அந்த 600 அடுத்த ஆண்டில் தானாகவே திரும்பிவிடும். 2023 இன் தொடக்க இருப்பு 600 குறைந்ததால் அதன் லாபம் 600 கூடியது, இறுதி இருப்பு 1,150 குறைந்ததால் லாபம் 1,150 குறைந்தது; நிகரம் 550. எந்த நாளிலும் பிடித்து வைத்த லாபத்தில் நிற்க வேண்டியது அந்த நாளின் இருப்பு வேறுபாடு மட்டும்தான். இந்த ஒரு விதியை வைத்தே தாள் முழுவதையும் சரிபார்த்துவிடலாம்.

முந்தைய ஆண்டின் தொடக்க இருப்புநிலைக்கு இது முக்கியமான மாற்றம் என்பதால், 01.01.2023 நிலவரத்துடன் மூன்றாவது இருப்புநிலைக் குறிப்பு ஒன்றையும் அறிக்கையில் சேர்த்தோம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஆடிட்டர் கடைசி வாரத்தில் கேட்கும்போது ஓடுகிறார்கள்.

ஆண்டு முடிவில் வந்த 600

2024 முடிந்தபோது சராசரி முறையில் 200 டன் 124 வீதம் 24,800 நின்றது. சந்தையில் அப்போது மூட்டையில் அடைத்த சரக்கின் விற்பனை விலை டன்னுக்கு 129. மூட்டை, ஏற்றுக்கூலி, தரகு என விற்பதற்கு ஆகும் செலவு 8. விற்றால் கையில் நிற்பது 121. அடக்கத்துக்கும் இதற்கும் எது குறைவோ அதுவே இருப்பின் மதிப்பு என்பதால், டன்னுக்கு 3 வீதம் 600 குறைத்து 24,200 ஆக்க வேண்டி வந்தது.

பழைய முறையில் இந்தப் பிரச்சினையே எழுந்திருக்காது. அங்கே அடக்கம் 120. 121 அதைவிட அதிகம். விலை இறங்கும் காலத்தில் சராசரி முறை பழைய விலையின் நினைவை இருப்பில் சுமப்பதால், இந்தச் சோதனையில் அதுதான் முதலில் இடறும். முறை மாறியதால் வந்த இந்த 600 ஐ முன்னாண்டுகளுக்குத் தள்ளலாமா என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். கூடாது, விலை இறங்கியது 2024 இல், அது 2024 இன் செலவு. முன்னாண்டுகளுக்கும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தோம். அப்போது விலை ஏறிக்கொண்டிருந்ததால் எதுவும் வரவில்லை. பழைய முறையில் ஏற்கெனவே மதிப்புக் குறைத்திருந்த நிறுவனமாக இருந்தால், குறைந்த சராசரி அடக்கத்தில் அந்தக் குறைப்பு தேவையா என்று ஆண்டுவாரியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

குறிப்புகளில் எழுதும்போது இன்னொரு சிக்கல் வந்தது. மாற்றத்தின் தாக்கத்தை முன்னாண்டுக்கு மட்டுமல்ல, நடப்பு ஆண்டுக்கும், அறிக்கையின் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாகச் சொல்ல ஐஏஎஸ் 8 கேட்கிறது. அதாவது 2024 ஐப் பழைய முறையிலும் ஓட்டியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று தெரிய வேண்டும். மென்பொருளில் கொள்முதல் அடுக்குகள் ஜனவரியிலேயே அழிந்துவிட்டன. என் விரிதாளில் இரண்டு முறைகளும் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது அப்போது உதவியது. பழைய முறையில் 2024 இன் விற்ற சரக்கு அடக்கம் 91,150. சராசரி முறையில் 89,200, மதிப்புக் குறைப்பு 600 சேர்த்து 89,800. வரிக்கு முந்தைய லாபம் 1,350 கூடுதல் என்று குறிப்பில் எழுதினோம். மதிப்புக் குறைப்பை மறந்து 1,950 என்று எழுதும் நிலைக்கு ஒரு வரைவு வரை போயிருந்தோம்.

2024 இன் வரிக் கணக்கில் தொடக்க இருப்பு படிவத்தில் காட்டிய 41,050 ஆகவே கழிக்கப்பட்டது, இறுதி இருப்பு ஏட்டின் 24,200 ஆக ஏற்கப்பட்டது. எனவே 230 ஒத்திவைத்த வரிச் சொத்து அந்த ஆண்டே வரிச் செலவுக்குப் போய்ச் சுழியமானது.

கோப்பை மூடும் முன் ஒரு சோதனை செய்தேன். மூன்று ஆண்டுகளிலும் விற்ற சரக்கின் அடக்கத்தை இரண்டு முறைகளிலும் கூட்டினால், மதிப்புக் குறைப்பை விட்டுவிட்டு, வேறுபாடு கடைசி நாளின் இருப்பு வேறுபாடான 800 ஆக மட்டுமே இருக்க வேண்டும். 2022 இல் சராசரி முறையில் 600 கூடுதல், 2023 இல் 550 கூடுதல், 2024 இல் 1,950 குறைவு. கூட்டினால் 800 குறைவு. அந்த எண் வந்த பிறகுதான் தாளில் கையெழுத்திட்டு ஆடிட்டருக்கு அனுப்பினேன்.